பத்தாண்டு தொடாத பணம்

கொடைக்கானல் வட்டத்துப் பண்ணைக்காட்டில் காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில்தான் கையில் காசு புழங்கும். மிளகும் மலைவாழையும் அதற்குத் துணை. அந்தக் காசு நெடுங்காலம் வங்கிக்குப் போகாமலே இருந்தது; வியாபாரியிடம் முன்பணம், மளிகைக் கடையில் பற்று என்று உள்ளூரிலேயே சுற்றி வந்தது. வங்கிக் கணக்குகள் பெரும்பாலும் வேறு காரணங்களுக்காக வந்தவை. பயிர்க்கடன் வாங்க ஒன்று, பிள்ளையின் உதவித்தொகைக்கு ஒன்று, நூறு நாள் வேலைச் சம்பளத்துக்கு ஒன்று, காஸ் மானியத்துக்கு இன்னொன்று. காரணம் தீர்ந்ததும் கணக்கையும் மறந்துவிடுவார்கள். கணக்கு வைத்தவர் திருப்பூருக்கோ சென்னைக்கோ பிழைக்கப் போயிருப்பார், அல்லது இறந்திருப்பார். பீரோவில் பாஸ்புக் மட்டும் இருக்கும்.

அந்தப் பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போகிறவர்கள் இரண்டு பதில்களில் ஒன்றைக் கேட்டுத் திரும்புகிறார்கள். ஒன்று, 'கணக்கு டார்மன்ட் ஆகிவிட்டது'. மற்றது, 'பணம் ரிசர்வ் வங்கிக்குப் போய்விட்டது'. கேட்பவர் காதுக்கு இரண்டும் 'பணம் போச்சு' என்றே விழுகிறது. உண்மையில் இரண்டும் வெவ்வேறு நிலைகள். முதலாவதில் பணம் அதே வங்கியில் இருக்கிறது. எடுக்கும் வழி மட்டும் பூட்டியிருக்கிறது. இரண்டாவதில் பணம் இடம் மாறியிருக்கிறது, உரிமை மாறவில்லை. எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு போனாலே பாதி அலைச்சல் குறையும்.

சேமிப்புக் கணக்கில் கணக்குதாரர் தரப்பிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்கு மேல் எந்த நடவடிக்கையும் இல்லையென்றால் வங்கி அதைச் செயல்படாக் கணக்காக வகைப்படுத்தும். பத்து ஆண்டுகள் அப்படியே கிடந்தால், அதிலுள்ள தொகையை வட்டியோடு சேர்த்து ரிசர்வ் வங்கி நடத்தும் 'வைப்பாளர் கல்வி மற்றும் விழிப்புணர்வு நிதியம்' என்ற நிதியத்துக்கு மாற்றிவிடும். வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தில் 26ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டு, 2014 மே மாதம் இந்த நிதியம் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு அந்தப் பணம் அந்தந்த வங்கியிடமே இருந்தது. 2024 மார்ச் இறுதியில் நிதியத்தில் இருந்த தொகை 78,213 கோடி ரூபாய்.

நடவடிக்கை என்றால் எது என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பாஸ்புக்கைப் பதியக் கொடுத்தால் ஆண்டுதோறும் வட்டி ஏறியிருக்கும், குறுஞ்செய்திக் கட்டணம் பிடித்திருப்பார்கள். 'கணக்கு ஓடிக்கொண்டுதானே இருக்கிறது' என்று தோன்றும். ஆனால் இவை வங்கியே செய்தவை, கணக்கில் கொள்ளப்படுவதில்லை. கணக்குதாரர் பணம் போடுவது, எடுப்பது, வேறொருவர் அவர் கணக்கில் போடுவது, அவர் சொல்லிவைத்தபடி நிரந்தர வைப்பின் வட்டி வந்து விழுவது ஆகியவை சேரும். 2024 ஜனவரி 1 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்டு அந்த ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த திருத்திய விதிகளின்படி, கே.ஒய்.சி. விவரங்களைப் புதுப்பிப்பதும் சேரும்.

இதோடு குழப்பிக்கொள்ளப்படும் இன்னொரு பூட்டு உண்டு. மாதாமாதம் பணம் வந்து விழும் கணக்கிலும் எடுக்க முடியவில்லையென்றால், அது டார்மன்ட் அல்ல, பெரும்பாலும் கே.ஒய்.சி. காலாவதியாகி முடக்கியிருப்பார்கள். அபாயம் குறைவு என்று வகைப்படுத்திய வாடிக்கையாளருக்குப் பத்து ஆண்டுக்கு ஒருமுறை அடையாள ஆவணங்களைப் புதுப்பிக்க வேண்டும் என்பது விதி. கவுன்டரில் 'கணக்கு முடங்கியிருக்கு' என்று பொதுவாகச் சொன்னால், எதனால் என்று கேட்டுவிடுவது நல்லது.

இனி ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். விளக்கத்துக்காக நான் அமைத்துக்கொண்ட வீடு இது. பண்ணைக்காட்டில் சிறிது காப்பித் தோட்டம் வைத்திருந்தவர் 2012-இல் இறந்தார். வட்டார நகரமொன்றில் உள்ள பொதுத்துறை வங்கிக் கிளையில் அவர் பெயரில் ஒரு சேமிப்புக் கணக்கு இருந்தது. கடைசியாக 2009 ஜூனில் பணம் எடுத்திருக்கிறார். நாமினி கிடையாது. அவர் மனைவி பெயரில் வேறொரு கணக்கு, நூறு நாள் வேலைக்காக 2010-இல் தொடங்கியது. அதில் 2019 வாக்கில் 6,300 ரூபாய் இருந்தது. பிறகு சம்பளம் அந்தக் கணக்குக்கு வருவது நின்றுபோயிற்று.

ஏன் நின்றது என்பது கவனிக்கத் தக்கது, ஏனென்றால் கிராமங்களில் கணக்குகள் தூங்கிப்போக இது ஒரு முக்கியக் காரணம். ஆதார் எண்ணை வைத்து அரசு அனுப்பும் பணம், அந்த ஆதார் கடைசியாக எந்த வங்கியோடு இணைக்கப்பட்டதோ அந்த வங்கிக் கணக்குக்குப் போகும். காஸ் மானியத்துக்கோ மகளிர் குழுக் கடனுக்கோ புதிதாக ஒரு வங்கியில் ஆதாரைக் கொடுத்து இணைப்புக்குச் சம்மதித்தால், பழைய வங்கிக்கு வந்துகொண்டிருந்த பணமும் அங்கே திரும்பிவிடும். பழைய கணக்கை யாரும் மூடச் சொல்வதில்லை. இரண்டு ஆண்டில் அது தானாகத் தூங்கும்.

அந்த அம்மாவின் கணக்கு 2021-இல் செயல்படாக் கணக்காகியிருக்கும். பத்தாண்டு 2029-இல்தான் நிறையும். எனவே அவர் பணம் அதே வங்கியில் இருக்கிறது. சேமிப்பு வட்டி தொடர்ந்து ஏறும். குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று செயல்படாக் கணக்கில் அபராதம் போடக் கூடாது. திரும்ப இயக்கிக் கொடுக்கவும் கட்டணம் கிடையாது. கணக்கு தொடங்கிய கிளைக்கே போக வேண்டும் என்பதும் இல்லை. அந்த வங்கியின் எந்தக் கிளையிலும் கே.ஒய்.சி. கொடுத்து இயக்கக் கேட்கலாம். 2025 ஜூன் 12 அன்று செய்த திருத்தத்தின்படி வங்கியின் முகவர், அதாவது ஊரில் சிறு இயந்திரத்தோடு உட்கார்ந்து பணம் கொடுப்பவர், வழியாகவும் செய்யலாம். மலையிலிருந்து கீழே இறங்கி ஏற ஒரு நாள் கூலியை இழப்பவருக்கு இந்தத் திருத்தம் சின்ன விஷயமல்ல. எந்த முகவருக்கு அந்த வங்கி இந்த வேலையை ஒப்படைத்திருக்கிறது என்று முதலில் விசாரித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

வாய்மொழியாகக் கேட்டால் 'அப்புறம் வாங்க' என்பது எளிது. எழுதிக் கொடுத்தால் நாள் கணக்கு ஓடத் தொடங்கும். முழுமையான விண்ணப்பம் கிடைத்ததிலிருந்து மூன்று வேலை நாளுக்குள் கணக்கை இயக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. அச்சிட்ட படிவம் இருந்தால் அதையே நிரப்பலாம். இருந்தாலும் கூடவே ஒரு கடிதம் வைப்பது நல்லது. கடிதம் இப்படி இருந்தால் போதும்:

அனுப்புநர்: (பெயர், முழு முகவரி, கைப்பேசி எண்)
பெறுநர்: கிளை மேலாளர், (வங்கி, கிளை)
பொருள்: சேமிப்புக் கணக்கு எண் ……… மீண்டும் இயக்கக் கோருதல்.

ஐயா, மேற்கண்ட சேமிப்புக் கணக்கு என் பெயரில் தங்கள் வங்கியில் உள்ளது. 2019-க்குப் பிறகு நான் அதில் வரவு செலவு செய்யவில்லை. இப்போது தொடர்ந்து பயன்படுத்த விரும்புகிறேன். பாஸ்புக்கில் என் பெயர் ……… என்றும், ஆதாரில் ……… என்றும் உள்ளது, இரண்டும் நானே. அடையாள ஆவணம், படிவம் 60, புகைப்படம் இணைத்துள்ளேன். கணக்கை இயக்கி, கைப்பேசி எண்ணையும் நாமினி பெயரையும் பதிந்து, இன்றுவரை வட்டியோடு பாஸ்புக்கைப் பதிந்து தர வேண்டுகிறேன். இக்கடிதம் பெற்றதற்கு இன்றைய தேதியிட்டு ஒப்புகை தர வேண்டுகிறேன்.

கடைசி வாக்கியத்தை விட்டுவிடக் கூடாது. கடிதத்தின் நகலில் கிளையின் முத்திரையும் தேதியும் விழுந்தால்தான் மூன்று நாளுக்குக் கணக்கு உண்டு. பான் அட்டை இல்லாதவர்களுக்குத்தான் படிவம் 60. அடையாளத்துக்கு ஆதார்தான் வேண்டும் என்றில்லை. வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், மாநில அரசு அதிகாரி கையெழுத்திட்ட நூறு நாள் வேலை அட்டை ஆகியவையும் ஏற்கத் தக்கவையே. கைநாட்டு வைப்பவர் என்றால் வங்கி சாட்சி கேட்கும். உடன் ஆள் கூட்டிக்கொண்டு போவது நல்லது.

தடை பெரும்பாலும் பெயரில் வருகிறது. இன்ஷியல் வைக்கும் நம் வழக்கத்தை வங்கிக் கணினி புரிந்துகொள்வதில்லை. கணக்கு தொடங்கிய நாளில் எழுத்தர் கணவர் பெயரின் முதல் எழுத்தைப் போட்டிருப்பார்; ஆதாரில் அப்பா பெயரின் முதல் எழுத்து இருக்கும்; பான் அட்டையில் அதே அப்பா பெயர் முழுதாக விரிந்து குடும்பப் பெயர்போல் நிற்கும். மூன்றும் ஒரே பெண்தான். ஆனால் திரையில் மூன்று பேர். திருமணத்தால் பெயர் மாறியிருந்தால் அரசு வழங்கிய திருமணச் சான்றையோ அரசிதழ் அறிவிப்பையோ காட்டினால் பழைய பெயரில் உள்ள ஆவணத்தை ஏற்கலாம் என்று கே.ஒய்.சி. விதி இடம் தருகிறது. இன்ஷியல் வேறுபாட்டுக்கு மட்டும் என்றால் உறுதிமொழிக் கடிதமும் கிளை மேலாளரின் திருப்தியும்தான் வழி. அங்கே ஆளுக்கு ஆள் மாறுகிறது. போட்டோ ஒட்டி முத்திரையிட்ட பழைய பாஸ்புக் கையில் இருப்பது அந்த நேரத்தில் பேருதவி.

கணக்கு இயங்கத் தொடங்கியதும் நூறு ரூபாயாவது போட்டு எடுத்துவிட வேண்டும். பணம் நிஜமாகவே நடமாடுகிறதா என்பதற்கு அதுதான் சோதனை. திரும்ப இயக்கிய கணக்கில் நடக்கும் பரிமாற்றங்களை வங்கி ஆறு மாதமாவது கூடுதல் கண்காணிப்பில் வைக்க வேண்டும் என்பதால், உடனே பெரிய தொகை எடுத்தால் கேள்வி வரலாம். அது சந்தேகப்பட்டுக் கேட்பதல்ல. தூங்கும் கணக்குகளைக் குறிவைத்து உள்ளே இருப்பவர்களே கையெழுத்துப் போட்டுப் பணம் எடுத்த வழக்குகள் வங்கித் துறையில் பழையவை.

கணவர் கணக்குக்கு வருவோம். 2009 ஜூனிலிருந்து பத்து ஆண்டு 2019 ஜூனில் நிறைந்தது. ஒரு மாதத்தில் பத்தாண்டு நிறையும் கணக்குகளின் தொகையை அடுத்த மாதக் கடைசி வேலை நாளில் வங்கி நிதியத்தில் சேர்க்க வேண்டும். ஆக, 2019 ஜூலை 31 அன்று போயிருக்கும். அப்படிப் போயிருக்கிறதா என்று வீட்டிலிருந்தே பார்க்க ஒரு வழி உண்டு. 2023 ஆகஸ்ட் 17 அன்று ரிசர்வ் வங்கி தொடங்கிய உத்கம் தளம், முகவரி `udgam.rbi.org.in`. ஏழு வங்கிகளோடு ஆரம்பித்து, 2024 மார்ச்சுக்குள் முப்பது வங்கிகள் சேர்ந்தன. நிதியத்தில் உள்ள தொகையில் ஏறத்தாழ 90 விழுக்காடு அந்த முப்பதுக்குள் வந்துவிடுகிறது என்று ரிசர்வ் வங்கி சொல்கிறது.

கைப்பேசி எண்ணைப் பதிந்து உள்ளே போனால், கணக்குதாரர் பெயர், வங்கி, அதோடு பான், வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், பிறந்த தேதி இவற்றில் ஒன்றைக் கேட்கும். எதுவும் இல்லையென்றால் முகவரியைக் கொடுக்கலாம். இறந்தவரின் பிறந்த தேதி வீட்டில் தெரிந்திருந்தாலும் பயன்படாமல் போகலாம்: தேடல் ஒப்பிடுவது வங்கி அன்று பதிந்து வைத்ததோடு. 1980-களில், 90-களில் பேரேட்டில் கையால் எழுதித் தொடங்கிய கணக்குகளுக்குப் பான் எண்ணோ பிறந்த தேதியோ கணினியில் ஏறாமலே இருந்திருக்கலாம். அத்தகைய கணக்குகளை முகவரி வழியாகத் தேடுவதே பலன் தரும். பெயரையும் ஒரே எழுத்துக்கூட்டலில் தேடி நிறுத்தக் கூடாது. முத்துசாமி என்ற பெயர் `MUTHUSAMY`, `MUTHUSWAMY`, `MUTHUSAMI` என்று மூன்று விதமாகவும் ஏறியிருக்கலாம். இன்ஷியல் முன்னாலும் வரலாம், பின்னாலும் வரலாம், இல்லாமலும் இருக்கலாம். பாஸ்புக்கின் முதல் பக்கத்தில் உள்ளதை அப்படியே அடிப்பதுதான் தொடக்கம்.

பாஸ்புக்கில் உள்ள வங்கியே இன்று இல்லாமல் போயிருக்கலாம். தென் மாவட்டங்களில் இது அடிக்கடி நேர்வது. பேங்க் ஆஃப் மதுரா 2001-இல் ஐசிஐசிஐ வங்கியோடு சேர்ந்தது. கரூரில் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பரில் டிபிஎஸ் வங்கியோடு இணைக்கப்பட்டது. சிண்டிகேட் வங்கிப் பாஸ்புக் என்றால் கனரா வங்கியிலும், அலகாபாத் வங்கி என்றால் இந்தியன் வங்கியிலும் கேட்க வேண்டும்; இரண்டும் 2020 ஏப்ரலில் நடந்தவை. பாண்டியன் கிராம வங்கி 2019 ஏப்ரலில் தமிழ்நாடு கிராம வங்கியாயிற்று. பழைய வங்கியின் கடன்களைப் போலவே அதன் கடமைகளும் புதிய வங்கியுடையவை. பழைய கணக்கு எண் நான்கு இலக்கத்தில் இருந்தாலும் கவலையில்லை. கிளைப் பெயரும் அந்த எண்ணும் கிடைத்தால் இன்றைய எண்ணைத் தேடி எடுக்க முடியும். முடியாது என்று சொல்லும் கிளை எழுத்தில் சொல்லட்டும்.

உத்கம் தேடலில் பொருந்தும் கணக்கு கிடைத்தால் யு.டி.ஆர்.என். என்ற குறிப்பு எண் வரும். எவ்வளவு பணம் என்று காட்டாது. அந்த எண்ணோடு வங்கிக்குப் போக வேண்டும். எதுவும் கிடைக்கவில்லை என்றால் பணம் இல்லை என்று முடிவுகட்டிவிடவும் கூடாது. உத்கம் காட்டுவது நிதியத்துக்குப் போன பத்தாண்டுக் கணக்குகளை மட்டும்தான். மூன்றாண்டு, ஏழாண்டு தூங்கும் கணக்கு அதில் இருக்காது. இந்த அம்மா தன் பெயரைத் தேடினால் வெறும் திரைதான் வரும். பணமோ வங்கியில் பத்திரமாக இருக்கிறது. முப்பது வங்கிக்கு வெளியே இருக்கும் வங்கியென்றால், அந்தந்த வங்கி தன் இணையதளத்தில் வெளியிடும் பட்டியலைப் பார்க்க வேண்டும். அல்லது நேரே கிளையில் கேட்க வேண்டும்.

தொகை எவ்வளவு இருக்கும்? 2019 ஜூலை இறுதியில் வட்டியோடு சேர்ந்து 26,000 ரூபாயாக நிதியத்துக்குப் போனது என்று வைப்போம். நிதியத்தில் இருக்கும் காலத்துக்கும் வட்டி உண்டு, ஆனால் தனிவட்டி. 2018 ஜூன் வரை ஆண்டுக்கு 4 விழுக்காடு, அடுத்து 2021 மே 10 வரை 3.5, மே 11 முதல் 3 விழுக்காடு. 2021 மே 10 வரை 649 நாளுக்கு 26,000-க்கு 3.5 வீதம் சுமார் 1,618 ரூபாய். அடுத்து 2025 டிசம்பர் 31 வரை 1,696 நாளுக்கு 3 வீதம் சுமார் 3,624. மொத்தம் ஏறத்தாழ 31,240 ரூபாய் கையில் வர வேண்டும். கிளை 26,000 மட்டும் கொடுத்தால் வட்டிக் கணக்கைக் கேட்பது உரிமை. அதே சமயம் ஆறு ஆண்டில் விலைவாசி இதைவிட வேகமாக ஏறியிருக்கிறது. பணம் தொலையவில்லை என்றாலும் தேய்ந்திருக்கிறது. நிரந்தர வைப்பு முதிர்ந்து எடுக்காமல் கிடந்தாலும் இதே கதைதான்: சேமிப்பு வட்டி, ஒப்பந்த வட்டி இரண்டில் எது குறைவோ அதுதான் கிடைக்கும்.

இனி காகிதங்கள். நாமினி இருந்திருந்தால் கோரிக்கைப் படிவம், இறப்புச் சான்று, நாமினியின் அடையாள ஆவணம், இவ்வளவோடு முடிந்திருக்கும். 'இருவரில் ஒருவர் அல்லது பிழைத்திருப்பவர்' என்று கூட்டுக் கணக்காக வைத்திருந்தாலும் அப்படித்தான். இரண்டும் இல்லாததால் வாரிசுகளுக்கான நடைமுறை. இறந்தவர் கணக்குகள் பற்றி ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பர் 26 அன்று பொதுவான விதிகளை வெளியிட்டு, 2026 மார்ச் 31-க்குள் எல்லா வங்கிகளும் கைக்கொள்ளக் கெடு வைத்தது. அதன்படி வணிக வங்கிகளில் 15 லட்சம் ரூபாய் வரை, கூட்டுறவு வங்கிகளில் 5 லட்சம் வரை, எளிய நடைமுறைதான். கோரிக்கைப் படிவம், இறப்புச் சான்று, கோருபவரின் அடையாளம், ஈட்டுறுதிப் பத்திரம், கோராத மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம், வாரிசுச் சான்று அல்லது குடும்பத்தை நன்கு அறிந்த, வாரிசல்லாத ஒருவரின் உறுதிமொழி. வெளியாள் ஜாமீன் கேட்கக் கூடாது. நீதிமன்றம் போய் வாரிசுரிமைச் சான்று வாங்கி வா என்று 31,000 ரூபாய்க்கு அனுப்புவதும் இனி செல்லாது.

வாரிசுச் சான்று இங்கே கொடைக்கானல் வட்டாட்சியர் அலுவலகத்து வேலை. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் விசாரணை வழியாகப் போகும். அதில் ஒரு பிழை அடிக்கடி நேர்கிறது. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி இறந்த ஆணின் முதல் வாரிசுகளில் மனைவி, மக்களோடு அவருடைய தாயும் உண்டு. மகன் இறந்த 2012-இல் தாய் உயிரோடு இருந்திருந்தால் அவருக்கும் பங்கு உண்டு. பிறகு அவரும் இறந்திருந்தால் அவர் வாரிசுகளின் சம்மதமும் தேவைப்படும். பெயரை விட்டுவிட்டு விண்ணப்பித்தால் பிற்பாடு மைத்துனர் வந்து ஆட்சேபணை எழுப்ப இடமாகிவிடும். இறப்பே பதியப்படவில்லை என்றால் அதுதான் பெரிய முடிச்சு: ஓராண்டு தாண்டிய பதிவுக்கு நிர்வாக நடுவரின் ஆணை வேண்டும். மற்ற எதற்கும் முன்னால் அதைத் தொடங்கிவிட வேண்டும்.

எல்லாக் காகிதமும் கொடுத்த நாளிலிருந்து 15 நாளுக்குள் வங்கி தீர்க்க வேண்டும். தன் தாமதத்தால் கடந்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி வீதத்துக்கு மேல் 4 விழுக்காடு சேர்த்து இழப்பீட்டு வட்டி தர வேண்டும்.

கவுன்டரில் 'பணம் ரிசர்வ் வங்கிக்குப் போயிருச்சும்மா, அங்கதான் எழுதிக் கேட்கணும்' என்று யாராவது சொன்னால், அது தவறு. நிதியத்திடம் பொதுமக்கள் நேரடியாகக் கேட்க வழியே இல்லை. வங்கி தன் கையிலிருந்து வட்டியோடு கொடுத்துவிட்டு, பிறகு நிதியத்திடம் திரும்பக் கோரி வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. கிளைக்காரர் தயங்குவதற்குக் காரணம் கெட்ட எண்ணமல்ல. இந்தக் கோரிக்கை கிளையில் அபூர்வமாக வரும். தலைமை அலுவலக அனுமதி வேண்டும். தவறான ஆளுக்குக் கொடுத்தால் பொறுப்பு அவர் தலையில். அதனால் எழுத்துப்பூர்வ மறுப்பைக் கேட்டாலே பல இடங்களில் கோப்பு நகரும். நகரவில்லை என்றால் வங்கியின் குறைதீர் பிரிவுக்கு எழுத வேண்டும். முப்பது நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் `cms.rbi.org.in` வழியாகக் கட்டணமின்றி முறையிடலாம். விவரம் கேட்கும் எண் 14448. இடையில் 'உங்கள் கணக்கைத் திறந்து தருகிறேன், பத்து பர்சென்ட் கொடுங்கள்' என்று வரும் ஆளையும், ஓ.டி.பி. கேட்கும் போன் அழைப்பையும் ஒதுக்கிவிடலாம். இதில் யாருக்கும் கமிஷன் கிடையாது.

அரசும் ரிசர்வ் வங்கியும் தாங்களாகத் தேடிக் கொடுக்கவில்லையா என்றால், கொடுத்தன, ஓர் அளவுக்கு. 2023 ஜூன் 1 முதல் நூறு நாளில், ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒவ்வொரு வங்கியும் தன்னிடமுள்ள மிகப் பெரிய நூறு கோரப்படாத வைப்புகளைத் தேடித் தீர்க்க வேண்டும் என்று ஓர் இயக்கம் நடந்தது. பெரிய நூறு என்ற அளவுகோலில் திண்டுக்கல் மாவட்டத்தின் 26,000 ரூபாய்க் கணக்கு எந்தப் பட்டியலிலும் வந்திருக்காது. வந்ததெல்லாம் தொகையில் பெரியவை. எண்ணிக்கையில் பெரும்பாலானவை சின்னவை. 2025 அக்டோபரில் தொடங்கிய 'உங்கள் பணம், உங்கள் உரிமை' முகாம்கள் மாவட்ட அளவில் எல்லாருக்கும் திறந்திருந்தன. அதே அக்டோபர் 1 முதல் 2026 செப்டம்பர் 30 வரை, தூங்கும் கணக்கைத் தீர்த்துக் கொடுக்கும் வங்கிக்கே நிதியத்திலிருந்து ஊக்கத்தொகை தரும் திட்டமும் ஓடுகிறது. வங்கிக்கும் ஆதாயம் உள்ள இந்தக் காலத்தில் கோரிக்கை வைப்பது நல்லது என்று நினைக்கிறேன்.

வங்கிக்கு வெளியே இரண்டு இடங்களை இந்த மலையில் மறக்கக் கூடாது. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் போட்ட வைப்பு இந்த நிதியத்தில் சேராது, உத்கத்திலும் வராது, சங்கம் வங்கியல்ல. அங்கே சங்கச் செயலாளரிடம்தான் கேட்க வேண்டும். தீராவிட்டால் கூட்டுறவுத் துறை துணைப் பதிவாளரிடம். அஞ்சலகச் சேமிப்புக் கணக்கோ முழு மூன்று நிதியாண்டு நடவடிக்கை இல்லாவிட்டால் உறங்கும். பாஸ்புக்கும் புதிய கே.ஒய்.சி. ஆவணமும் கொடுத்து அதே அஞ்சலகத்தில் எழுப்பலாம். ஆனால் செயல்படாதது என்று அறிவித்து ஏழு ஆண்டு கோராமல் விட்டால் தொகை மூத்த குடிமக்கள் நல நிதிக்குப் போகும். வங்கிப் பணத்துக்கு இல்லாத காலக்கெடு ஒன்று இங்கே உண்டு: அந்த நிதிக்குப் போன பிறகு 25 ஆண்டுக்குள் கேட்டு வாங்காவிட்டால் அது மத்திய அரசுக்கே சேர்ந்துவிடும்.